சாவிகளைத் திருப்பிக் கொடுக்கும் கடிதம்

முதல் வரைவில் ‘நன்றி’ ஆறு இடங்களில் இருந்தது. தேதி ஒரே இடத்தில்தான் இருந்தது, கடிதத்தின் தலையில். எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அம்மா அதைப் படித்துவிட்டு, “கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகா இருக்குதுங்க. முகூர்த்த நேரம்தான் போடலை” என்றார்.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஏழு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன விளம்பர ஏஜென்சியில் பங்குதாரர். ஈரோட்டுப் பக்கம் மூன்று கிளைகள் வைத்திருந்த ஒரு ஜவுளிக்கடைக்கு நான்கு வருடங்களாக இணைய விளம்பரம் செய்து வந்தோம். கூகுளில் ‘பட்டுச்சேலை’ என்று தேடுகிறவர் கண்ணில் கடையின் பெயர் படுவது, பேஸ்புக்கில் ஆடித் தள்ளுபடி வீடியோ ஓடுவது, மேப்பில் கடை திறக்கும் நேரம் சரியாக இருப்பது எல்லாம் எங்கள் வேலை. அந்த உறவை முடித்துக்கொள்வது என்று நாங்களே முடிவு செய்திருந்தோம். சண்டை ஏதும் இல்லை, பணம் சுற்றிவந்த விதம்தான் காரணம். எங்கள் கட்டணம் மாதம் ஐம்பதாயிரம், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அது பெரிய விஷயமில்லை. கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் கட்ட வேண்டிய விளம்பரச் செலவு மாதம் சுமார் இரண்டு லட்சம், அதை எங்கள் கார்டிலிருந்து கட்டிவிட்டுப் பிறகு கடையிடம் வாங்குவோம். ஜவுளி வியாபாரத்தில் தொண்ணூறு நாள் கடன் சாதாரணம். அவர்கள் பழக்கப்படி எங்களுக்கும் தொண்ணூறு நாளில் தந்தார்கள். ஆக எந்த நாளில் பார்த்தாலும் எங்கள் ஆறு லட்சம் ஈரோட்டில் இருந்தது. ஒரு மாதம் இரண்டு பேருக்குச் சம்பளம் பத்தாம் தேதிதான் போட முடிந்தது. அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம்.

விளம்பர உலகில் வாடிக்கையாளரையே ‘அக்கவுன்ட்’ என்றுதான் சொல்வார்கள். டேவிட் ஓகில்வி 1963இல் எழுதிய புத்தகத்தில், வாடிக்கையாளர்கள் தன்னை நீக்கியதைவிடத் தானாக விலகியதே ஐந்து மடங்கு அதிகம் என்று சொல்லியிருப்பார். அவர் காலத்தில் விலகுவது என்றால் கோப்புகளையும் பிலிம் சுருள்களையும் அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்புவது. இன்றைக்கு ‘அக்கவுன்ட்’ என்ற சொல்லுக்கு இரண்டாவது பொருள் வந்துவிட்டது. வாடிக்கையாளரை விட்டுவிடலாம், ஆனால் அவருக்காகத் திறந்த பத்துப் பன்னிரண்டு கணக்குகளின் சாவி நம் பையிலேயே கிடக்கும். விலகல் கடிதம் எழுதுவது கடினமாக இருப்பது இந்த இரண்டாவது பொருளால்தான்.

அதனால் கடிதத்தை அப்படியே வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தோம். இரண்டு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்தது மூன்று நாள் இழுத்தது. கடையின் இணையதள முகவரி, அதாவது டொமைன், எங்களிடம் முன்பு வேலை பார்த்த ஒரு டிசைனரின் சொந்த ஜிமெயிலில் பதிவாகியிருந்தது. ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும். அவர் பெங்களூருக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பேஸ்புக் பக்கம் முதலாளியின் மகன் ஐ.டி.யில் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் விளம்பரம் ஓடும் கணக்கு எங்கள் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. கூகுள் விளம்பரக் கணக்கு எங்கள் மேனேஜர் கணக்கின் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து ஒருவர்கூட அதற்குள் நுழைய முடியாது. யூடியூப் சேனல், மேப்பில் மூன்று கிளைகளின் பக்கங்கள் எல்லாமே எங்கள் அலுவலக மெயிலில்தான். யாரும் திட்டமிட்டுச் செய்த வேலை இல்லை. நான்கு வருடங்களுக்கு முன்னால், “நீங்களே பாத்துக்குங்க தம்பி” என்று அவர்கள் சொன்னார்கள், நாங்களும் பார்த்துக்கொண்டோம்.

இந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் தேதிகள் தெரிந்தன. மேப்பில் உள்ள கடைப் பக்கத்தின் முதன்மை உரிமையை ஒருவருக்கு மாற்ற வேண்டுமானால், முதலில் அவரை உரிமையாளராகச் சேர்க்க வேண்டும், பிறகு ஏழு நாள் காத்திருக்க வேண்டும். திருடர்கள் நுழைந்து ஒரே இரவில் கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக கூகுள் வைத்த விதி அது. யூடியூப் சேனலுக்கும் அதே ஏழு நாள். ‘இம்மாத இறுதியில் விலகுகிறோம்’ என்று இருபத்தெட்டாம் தேதி கடிதம் கொடுக்கும் ஏஜென்சி, எத்தனை பணிவாக எழுதினாலும், கொடுத்த தேதிக்குள் சாவியைக் கைமாற்ற முடியாது.

எங்கள் ஒப்பந்தம் முப்பது நாள் முன்னறிவிப்பு கேட்டது. ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் சட்டம் கேட்கும். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 206ஆம் பிரிவு, முகவர் தன் பொறுப்பைத் துறப்பதற்கு நியாயமான முன்னறிவிப்பு தர வேண்டும், தராமல் விட்டு முதல்வருக்கு நஷ்டம் வந்தால் ஈடுகட்ட வேண்டும் என்கிறது. விளம்பர ஏஜென்சி எல்லா வேலையிலும் சட்டப்படியான முகவர்தானா என்று வக்கீல்கள் வாதிடலாம். ஆனால் கடைக்காரர் பெயரில் அவர் பணத்தைச் செலவழிக்கிறவர் அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

முப்பது நாள் என்றால் எந்த முப்பது? தீபாவளிக்கு முன்னால் விலகினால் அது பழிவாங்கல். தை முகூர்த்தங்கள் உச்சத்தில் இருக்கும்போதும் கூடாது. பிப்ரவரி பாதிக்கு மேல் கூட்டம் குறையும், பங்குனியில் இன்னும் குறையும். மார்ச் 31க்குள் வரவுசெலவை முடித்துவிட்டால் இரண்டு பக்கத்து ஆடிட்டருக்கும் தலைவலி இல்லை. ஆகவே கடிதத்தின் தேதி ஜனவரி 29, கடைசி வேலை நாள் பிப்ரவரி 28. கடைசியில் அனுப்பிய கடிதம் இதுதான். பெயர்களை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று நேரில் பேசியபடி, தங்கள் கடைக்கான விளம்பரப் பணியிலிருந்து பிப்ரவரி 28ஆம் தேதியுடன் விலகிக்கொள்கிறோம். விளம்பரச் செலவை முதலில் நாங்கள் கட்டிப் பிறகு பெற்றுக்கொள்ளும் முறையை எங்கள் அளவுள்ள நிறுவனத்தால் தொடர முடியவில்லை. காரணம் இது ஒன்றே.

பிப்ரவரி 28 வரை விளம்பரங்கள் இப்போது போலவே நடக்கும். அதற்குள் எல்லாக் கணக்குகளும் தங்கள் கைக்கு வந்துவிடும். பிப்ரவரி 3 அன்று தங்கள் கடை மெயிலை மேப் பக்கங்களிலும் யூடியூப் சேனலிலும் உரிமையாளராகச் சேர்ப்போம். 11ஆம் தேதி முதன்மை உரிமை தங்களுக்கு மாறும். பிப்ரவரி 10 முதல் கூகுள் விளம்பரக் கட்டணம் தங்கள் கார்டிலிருந்து செல்லும். இணையதள முகவரி 20ஆம் தேதிக்குள் தங்கள் பெயருக்கு வரும். அன்று ஒரு மணி நேரம் தங்கள் அலுவலகத்தில் எங்கள் ஆள் ஒருவர் இருப்பார்.

ஒன்றை மட்டும் எங்களால் தர முடியாது. பேஸ்புக் விளம்பரக் கணக்கு எங்கள் நிறுவனத்தின் பெயரில் திறக்கப்பட்டது, அதைப் பெயர் மாற்ற வழியில்லை. தங்கள் பெயரில் புதுக்கணக்கு ஒன்றைப் பிப்ரவரி 16க்குள் தொடங்கித் தருகிறோம். முதல் இரண்டு மூன்று வாரங்கள் அதில் பலன் குறைவாக இருக்கும். நான்கு வருட விளம்பர அறிக்கைகளைத் தனிக் கோப்பாகத் தருகிறோம்.

தங்களுக்காக நாங்கள் செய்த படங்கள், வீடியோக்கள், வடிவமைப்புகள், வாசகங்கள் அனைத்தின் உரிமையையும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் உலகெங்கும் செல்லும்படி தங்களுக்கு மாற்றித் தரும் பத்திரத்தை இத்துடன் இணைத்துள்ளோம்.

நிலுவைக் கணக்கு தனித் தாளில் உள்ளது. கணக்குகளை ஒப்படைப்பது அதைப் பொறுத்தது அல்ல.

புதிய ஏஜென்சியை அமர்த்தினால் அவர்களுடன் பேச எங்கள் ஆள் மார்ச் 14 வரை இருப்பார். அன்று மாலை எங்கள் அணுகல் அனைத்தையும் நாங்களே நீக்கிவிட்டுத் தெரிவிப்போம்.

நான்கு வருட நம்பிக்கைக்கு நன்றி.

ஆறு நன்றியில் ஒன்றுதான் மிஞ்சியது. ‘நேற்று நேரில் பேசியபடி’ என்பதைக் கவனித்திருப்பீர்கள். இது மாதிரி கடிதம் தபாலில் முதல் சேதியாகப் போய்ச் சேரக் கூடாது. முந்தின நாள் நானும் என் பங்குதாரரும் கடைக்குப் போய் மாடியில் உட்கார்ந்து பேசினோம். பெரியவர் காபி வரவழைத்தார். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “ஏனுங் தம்பி, பணத்தை நான் ஏமாத்துவேன்னு நெனச்சீங்களா?” என்றார். “இல்லீங்கய்யா, ஒருநாளும் நெனைக்கலை. எங்களுக்கு அவ்வளவு நாள் தாங்கலீங்க” என்றோம். அவர் கேட்ட கேள்வியும் நாங்கள் சொன்ன பதிலும்தான் கடிதத்தின் காரண வாக்கியமாக மாறின. அதற்கு மேல் அங்கே இடம் தரக் கூடாது. நான்கு வருடத்தில் நள்ளிரவில் வந்த போன்கள், ஐந்து முறை மாற்றச் சொன்ன போஸ்டர்கள் எல்லாம் என் முதல் வரைவில் ‘சில சிரமங்கள்’ என்ற பெயரில் தலைகாட்டின. பொய்க் காரணம் சொல்வதும் தவறுதான். ‘பணியாளர் பற்றாக்குறை’ என்று எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த மாதமே பக்கத்து ஊர் நகைக்கடைக்கு விளம்பரம் செய்தால் ஈரோட்டில் தெரியாமலா போகும்?

உரிமைப் பத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான கைமாற்றங்களில் விட்டுப்போவது அதுதான். காசு கொடுத்துச் செய்யச் சொன்னோம், ஆகவே எங்களுடையது என்று கடைக்காரர் நினைப்பார். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்கும் திரைப்பதிவுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் விளம்பர வாசகத்துக்கும் லோகோவுக்கும் அந்தச் சலுகை தானாகக் கிடைப்பதில்லை. உருவாக்கியவர் எழுத்தில் கையெழுத்திட்டு மாற்றித் தர வேண்டும். அப்படி எழுதும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 19ஆம் பிரிவுப்படி ஐந்து வருடம் என்றுதான் கொள்ளப்படும். எந்த நாட்டில் என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ‘உரிமைகள் அனைத்தும் தங்களுக்கே’ என்ற ஒரு வரியோடு முடித்திருந்தால், ஆறாம் வருடம் கடைக்காரர் தன் லோகோவைத் தன்னுடையது என்று சொல்லத் தடுமாற நேரலாம். சிங்கப்பூரில் ஒரு கிளை திறந்தால் முதல் நாளே தடுமாறலாம். அதனால்தான் ‘காலம் முழுமைக்கும் உலகெங்கும்’ என்று எழுதினோம். வாடகைக்கு எடுத்த படங்களையும் எழுத்துருக்களையும் மட்டும் மாற்றித் தர முடியாது. அவற்றின் உரிமம் எங்கள் பெயரில் வாங்கியது. எந்தப் போஸ்டரில் அவை இருக்கின்றன என்று பட்டியல் போட்டுக் கொடுத்தோம்.

நிலுவையையும் ஒப்படைப்பையும் பிரித்த வரிக்கு எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. “ஆறு லட்சம் வரணும், சாவியையும் குடுத்துட்டு வெறுங்கையோட நிக்கணுமா?” என்று பங்குதாரர் கேட்டார். சட்டத்தில் அவருக்குச் சாதகமாகவும் ஒரு வரி உண்டு. அதே ஒப்பந்தச் சட்டத்தின் 221ஆம் பிரிவு, தனக்கு வர வேண்டியது வரும்வரை முதல்வரிடமிருந்து பெற்ற பொருள்களையும் தாள்களையும் முகவர் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆனால் மேப்பில் கடை திறக்கும் நேரத்தை மாற்றும் வசதி, கைக்கு வந்த சரக்கு அல்ல. மூட்டையைப் பிடித்து வைத்தால் மூட்டை அப்படியே இருக்கும். விளம்பரக் கணக்கைப் பிடித்து வைத்தால் கடையில் வியாபாரம் குறையும், அந்தக் குறைவுக்கு நம்மிடமே கணக்குக் கேட்பார்கள். கூகுளின் விதியும் ஒன்று உண்டு. அடுத்தவருக்காக விளம்பரம் நடத்தும் ஏஜென்சி, வாடிக்கையாளர் கேட்டால் அவருடைய கணக்கு எண்ணைச் சொல்லியாக வேண்டும், செலவு விவரத்தையும் காட்ட வேண்டும். அந்தப் பத்து இலக்க எண்ணை மறைக்கிற ஏஜென்சி, மற்ற எல்லா வாடிக்கையாளர்களின் வேலையையும் பணயம் வைக்கிறது.

பணத்துக்கு வேறு வழி இருந்தது. நாங்கள் உத்யம் பதிவு பெற்ற சிறு நிறுவனம். 2006ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்தில் எந்த ஒப்பந்தம் இருந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். இதைக் கடிதத்தில் நாங்கள் சொல்லவில்லை. நிலுவைத் தாளில் பில் எண், தேதி, தொகை, அவர்கள் பிடித்த டி.டி.எஸ்., எந்தக் காலாண்டுக்கான சான்றிதழ் இன்னும் வரவில்லை என்பது மட்டும் இருந்தது. உத்யம் எண் எப்போதும் போல எங்கள் லெட்டர் ஹெட்டின் அடியில் அச்சாகியிருந்தது. அவர்கள் ஆடிட்டருக்கு அது போதும்.

ஒப்படைப்பில் எல்லாம் ஒரே வரிசைதான்: சேர், காத்திரு, சோதித்துப் பார், பிறகு நீக்கு. வரிசை மாறினால் எப்படிக் கெடும் என்பதற்கு கூகுள் விளம்பரக் கணக்கு நல்ல உதாரணம். கடையின் மெயிலை அதில் அட்மினாகச் சேர்த்தாயிற்று, அவர்கள் உள்ளே நுழைந்தும் பார்த்தாயிற்று. இனி எங்கள் மேனேஜர் கணக்கின் இணைப்பை அறுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் விளம்பரத்தைப் பார்த்தவர் கடைக்குப் போன் செய்தாரா, இணையதளத்தில் விசாரித்தாரா என்று எண்ணுகிற கருவியை நாங்கள் கடையின் கணக்கில் வைக்கவில்லை. எங்கள் மேனேஜர் கணக்கில் பொதுவாக வைத்திருந்தோம். பல வாடிக்கையாளர்களை வைத்திருக்கிற ஏஜென்சிக்கு அது வசதி. இணைப்பை அறுத்தால் விளம்பரம் ஓடும், பணம் போகும், போன்கூட வரும், ஆனால் எண்ணிக்கை மட்டும் பூஜ்யமாக நிற்கும். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எந்தத் தேடலுக்கு எவ்வளவு விலை கொடுப்பது என்று கூகுள் தானாக முடிவு செய்கிறது. எனவே சில நாளில் விளம்பரமும் தடுமாறும். புதிதாக வந்த ஏஜென்சி, “பழைய ஆளுங்க என்னமோ பண்ணிட்டுப் போயிட்டாங்க” என்று சொல்லும், அதில் தவறும் இருக்காது.

ஆகவே பிப்ரவரி முதல் வாரத்திலேயே கடையின் சொந்தக் கணக்கில் புதிய எண்ணும் கருவியை வைத்து, இரண்டையும் சேர்ந்து ஓடவிட்டோம். முதல் நாள் பழையது பதினொன்று காட்டியது, புதியது நான்கு. கிளைகளில் ஒன்றின் போன் பட்டனில் புதுக்கருவியைப் பொருத்த மறந்திருந்தோம். சரிசெய்த பிறகு இரண்டும் ஒன்றிரண்டு வித்தியாசத்தில் வந்து நின்றன. ஒரு வாரம் அப்படியே போன பிறகுதான் விலைமுடிவைப் புதிய எண்ணிக்கைக்கு மாற்றினோம், பிறகுதான் இணைப்பை எடுத்தோம். கட்டணத்தை மாற்றும்போது ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கூகுள் செலவானதற்குப் பின்னால்தான் கார்டில் எடுக்கும். 10ஆம் தேதி கடைக்காரரின் கார்டுக்கு மாறினாலும், 9ஆம் தேதி வரை ஓடிய விளம்பரத்தின் தொகை எங்கள் கார்டில் பிறகு வந்து விழுந்தது. அதனால்தான் எங்கள் கடைசி பில்லை மார்ச் 7 வரை போடாமல் வைத்திருந்தோம். பிப்ரவரி 28 அன்றே போட்டிருந்தால், பிறகு வந்து ‘இன்னும் ஒரு பில்’ என்று நீட்ட வேண்டியிருக்கும். விடைபெற்றுப் போனவர் குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வருகிற மாதிரி.

பேஸ்புக் பக்கம் நாங்கள் கடிதத்தில் சொன்னபடியே நடந்தது. புதுக்கணக்கில் ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைப்பட வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் தேவை என்பது மெட்டா சொல்லும் அளவு. முதல் வாரம் அதில் பாதியும் வரவில்லை. பெரியவரின் மகன் போன் செய்தார். “லெட்டர்ல எழுதியிருந்தீங்கல்ல, அது இதுதானுங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றோம். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த ஒரு பத்தியை எழுத வேண்டாம், கெட்ட சேதியை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்று என் முதல் வரைவில் விட்டிருந்தேன்.

டொமைனுக்குத்தான் நான் பயந்தேன். அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருடம் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவரின் இணையதளத்தை வேறு சர்வருக்கு மாற்றிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மாலை பெயர் சர்வரை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம். இணையதளம் அழகாகத் திறந்தது. ஆனால் பழைய இடத்தில் MX என்று சில வரிகள் இருக்கும், இந்த முகவரிக்கு வரும் மெயிலை எந்தச் சர்வரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்பவை. அவற்றைப் புது இடத்தில் எழுத மறந்துவிட்டோம். இதில் வஞ்சகம் என்னவென்றால், அவர்கள் அனுப்புகிற மெயில் போய்க்கொண்டே இருக்கும், வருவது மட்டும் வராது. சனி, ஞாயிறு என்பதால் மெயில் வராதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. திங்கட்கிழமை மதியம் ஜெர்மனியிலிருந்து வாங்குபவர் போன் செய்து, அனுப்பிய மெயில் திரும்பி வருகிறதே என்று கேட்டபோதுதான் தெரிந்தது. முழுக்க எங்கள் தவறு.

ஜவுளிக்கடைக்கு அதனால் சர்வரைத் தொடவே இல்லை. பெங்களூர் டிசைனரை ஒரு சனிக்கிழமை போனில் பிடித்து, ஓ.டி.பி. வாங்கி, அதே பதிவு நிறுவனத்துக்குள்ளேயே கடையின் பெயரில் புதுக்கணக்கு திறந்து டொமைனை அதற்கு நகர்த்தினோம். ஈரோட்டில் அவர்கள் கணினியிலேயே உட்கார்ந்து, அவர்கள் மெயில், அவர்கள் போன் நம்பர், அவர்களே போட்ட கடவுச்சொல். கடவுச்சொல் எங்களுக்குத் தெரியக் கூடாது என்று நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்ததைப் பார்த்துக் கடைப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு என் சொந்த மெயிலிலிருந்து கடைக்கு ஒரு மெயில் அனுப்பினேன். வந்தது. மறுநாள் காலையில் இன்னொன்று அனுப்பினேன். அதுவும் வந்தது. புதுப்பிக்க வேண்டிய தேதியை அவர்கள் காலண்டரில் மூன்று இடங்களில் எழுதி வைத்தேன்.

கொடுத்ததைப் போலவே அழித்ததும் உண்டு. ஆடித் தள்ளுபடிக்காகச் சேர்த்த சுமார் நாலாயிரம் வாடிக்கையாளர்களின் பெயரும் போன் நம்பரும் எங்களிடம் இருந்தன. 2023ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையில் அந்தப் பட்டியலுக்குப் பொறுப்பாளர் கடைதான், நாங்கள் அவர்களுக்காக அதைக் கையாண்டவர்கள். பட்டியலைக் கடைக்குக் கொடுத்துவிட்டு எங்கள் கணினிகளிலும் டிரைவிலும் அழித்து, அழித்தோம் என்று தேதியிட்டு ஒரு வரி எழுதிக் கொடுத்தோம். ஒரு பிரதி எங்கள் டெலிகாலர் பெண்ணின் வாட்ஸாப்பில் மிச்சமிருந்தது. அவரே நினைவு வந்து சொன்னார்.

நிலுவை மார்ச் 26ஆம் தேதி வந்தது, இரண்டு தவணையாக அல்ல, ஒரே தொகையாக. எந்த வரி அதைக் கொண்டுவந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் பெரியவரின் மைத்துனர் கரூரில் திறந்த கடைக்கு எங்களைக் கூப்பிட்டார். அங்கே எல்லாக் கணக்கும் முதல் நாளிலிருந்தே அவர் பெயரில் திறந்தோம், கார்டும் அவருடையது.

மார்ச் 14 மாலை சொன்னபடி ஒவ்வொரு கணக்காக எங்கள் பெயரை எடுத்துக்கொண்டு வந்தோம். கடைசியாக இருந்தது மேப்பில் இரண்டாவது கிளையின் பக்கம். திறந்தபோது புதிதாக ஒரு விமர்சனம் வந்திருந்தது. சேலை நன்றாக இருக்கிறது, வண்டி நிறுத்தத்தான் இடமில்லை என்று ஒருவர் மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். நான்கு வருடப் பழக்கத்தில் கை பதில் பெட்டிக்குப் போயிற்று, எடுத்துவிட்டேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது அதன் அடியில் கடையின் பெயரில் ஒரு பதில் இருந்தது: ‘பின்பக்கச் சந்துல இடம் இருக்குதுங்க, அடுத்த தடவை வாங்க, வாட்ச்மேன் காட்டுவாருங்க.’ நாங்கள் என்றைக்கும் அப்படி எழுதியதில்லை. பின்பக்கச் சந்தில் இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்தும் என் பெயரை நீக்கினேன்.